நல்வரவு, மலர்விழி!

அட்டையின் முன்பக்கம்

*ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.*

கணக்குப் பிரிவுக்கு வாருங்கள் மலர்விழி, வடத்தில் உங்கள் கைக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.
இன்றைக்கு உங்களுக்கு ஒரே வேலைதான்: எங்கள் முகங்களைப் பழகிக்கொள்வது.

உள்பக்கம்

அன்புள்ள மலர்விழி,

முன்பக்கத்தில் இரண்டே வரிதான் எழுத வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அந்த இரண்டு வரிக்கே நேற்று சாயங்காலம் முழுக்க இங்கே வாக்குவாதம். மீதியை உள்ளே எழுதிக்கொள்கிறேன் என்று பேனாவை நான் வாங்கிக்கொண்டேன்.

சன்னலை ஒட்டிய மேசை உங்களுடையது. நாற்காலியின் வலப்பக்கம் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் உயரம் மாறும், கொஞ்சம் அழுத்தித்தான் இழுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கான பாஸ்வேர்டு மதியத்துக்குள் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். வரவில்லை என்றால் பதற்றப்படாதீர்கள், யாருக்குமே முதல் நாளில் நேரத்துக்கு வந்ததில்லை. அதுவரை புரட்டிப் பார்க்கப் போன மாத வவுச்சர் கோப்பு ஒன்றை மேசைமேல் வைத்திருக்கிறேன். சும்மா பாருங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டோம். கேள்வி கேட்கும் உரிமை இந்த வாரம் உங்களுக்கு மட்டும்தான்.

அதை நிஜமாகவே பயன்படுத்துங்கள். இன்வாய்ஸ் பற்றி எதுவாக இருந்தாலும் செந்திலிடம் போகலாம். காதில் ஹெட்போன் இருந்தாலும் தோளைத் தட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். எந்தச் செலவுக்கு யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ராணி அக்காவுக்கு மனப்பாடம். பேங்க் ரீகன்சிலியேஷன் என் பொறுப்பு. பாஸ்புத்தகமும் நம் கேஷ் புக்கும் ஒத்துப்போகாமல் நின்றால் முதலில் என்னிடம் வாருங்கள். பெரும்பாலும் நாம் கொடுத்த காசோலையை வாங்கியவர்கள் இன்னும் வங்கியில் போடாமல் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

கல்லூரியில் சொல்லித் தந்தார்களோ இல்லையோ, எனக்கு ஒரு மூத்தவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். ட்ரயல் பேலன்ஸ் இடிக்கும்போது கோப்பைத் திறக்காதீர்கள். முதலில் வித்தியாசத் தொகையைப் பாருங்கள். அது 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ இரண்டு இலக்கங்களை மாற்றிப் போட்டிருக்கலாம். 5,400 என்பதை 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருந்தாலும் இதே கதைதான். இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையைத் தேடுங்கள். 2,500 இடித்தால் 1,250-ஐத் தேட வேண்டும். வரவில் போக வேண்டியது பற்றில் உட்கார்ந்திருக்கும். இரண்டுமே இல்லையா? அப்புறம் வரிசையாக டிக் அடிப்பதுதான் வழி. துணைக்கு யாராவது உட்காருவோம். இன்னொன்று, இரண்டு பக்கமும் சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள். ஒரு பதிவையே போடாமல் விட்டாலும் பேலன்ஸ் அழகாக டேலி ஆகும்.

மாதக் கடைசியில் எங்கள் முகம் கொஞ்சம் மாறும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமாகும். உங்கள்மேல் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள், கணக்கு முடியும்வரை அப்படித்தான். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்பதால் அந்தக் காட்சி உங்களுக்கு இப்போதைக்கு இல்லை.

மதியம் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். தனியாகச் சாப்பிடத்தான் பிடிக்கும் என்றால் அதுவும் சரி, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம். சாயங்காலம் மணியானதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களே என்று தயங்க வேண்டாம்.

அன்புடன்,
கௌரி
(எதிர் மேசை)

ஓரங்களில், மற்றவர்கள் கையெழுத்தில்

வாங்க மலர்விழி! தோளைத் தட்டலாம் என்று கௌரி சொன்னது உண்மைதான். இரண்டு தடவை தட்டுங்கள், முதல் தடவை எனக்குத் தெரியாது. – செந்தில்

நல்லா இரும்மா. பிரிண்டர் உன்னைக் கண்டதும் மக்கர் பண்ணும், புது ஆளைப் பார்த்தால் அதற்கு அப்படித்தான். மூடியைத் திறந்து மூடு, சரியாகிவிடும். – ராணி அக்கா

உங்களுக்கு முன்னால் கடைசியாகச் சேர்ந்தவன் நான். இனிமேல் என்னைப் 'புதுப் பையன்' என்று கூப்பிட மாட்டார்கள். அதற்காகவே உங்களுக்குத் தனி நன்றி! – இம்ரான்