பணி நியமனக் கடிதம்

தெற்கு மாசி வீதி, மதுரை
22 மே 2026

செல்வி மு. கவிதா அவர்களுக்கு,

எங்கள் சுங்குடிச் சேலைக் கடையில் கணக்கு மற்றும் சரக்குப் பதிவு எழுத்தராக உங்களை 1 ஜூன் 2026 முதல் நியமிக்கிறோம்.

சம்பளம்: மாதம் ரூ.16,000, அகவிலைப்படி உட்பட. இதில் இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது ரூ.120 பிடிக்கப்படும். கடையின் பங்கு ரூ.520-ஐ நாங்கள் தனியாகக் கட்டுவோம். ஒவ்வொரு மாதமும் 7-ம் தேதிக்குள் சம்பளம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிவிடும்.

வேலை நேரம் காலை 10 முதல் இரவு 7 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. செவ்வாய் விடுமுறை. தீபாவளி நேரத்தில் கூடுதலாக இருக்கச் சொன்னால், அந்த நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் உண்டு.

பணிகள்: பில் போடுவது, ஜி.எஸ்.டி. கணக்கு, மாலையில் கல்லா சரிபார்ப்பது. இவற்றைவிட முக்கியமானது முடிச்சு நோட்டு. வீடுகளில் முடிச்சுப் போடும் பெண்களிடம் எத்தனை சேலை கொடுத்தோம், எந்தத் தேதியில் திரும்பி வந்தது என்பதை அவர்கள் கண்முன்னே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சாயத்துக்குப் போகும்முன் முடிச்சு அவிழ்ந்திருக்கிறதா என்று சேலையை விரித்துப் பாருங்கள். அவிழ்ந்த இடத்தில் சாயம் ஏறினால் அங்கே வெள்ளைப் புள்ளி விழாது. சேலை வந்த அன்றே கூலி கொடுத்துவிட வேண்டும். "நாளைக்கு வா" என்ற சொல் இந்தக் கடையில் கூடாது.

தகுதிகாண் காலம் 6 மாதம், 30 நவம்பர் 2026 வரை. மூன்றாம் மாத முடிவில் உங்கள் வேலை பற்றி உட்கார்ந்து பேசுவோம். குறை இருந்தால் அப்போதே எழுத்தில் தருவோம். 30 நவம்பருக்குள் எழுத்தில் வேறு எதுவும் வராவிட்டால் பணி நிரந்தரம் என்று கொள்ளலாம், நீட்டிப்பு கிடையாது.

விலகல்: தகுதிகாண் காலத்தில் இரு தரப்பும் 7 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அதன்பின் ஒரு மாதம், அல்லது அதற்கு ஈடான சம்பளம். நிரந்தரமான பின் தகுந்த காரணம் இல்லாமல் உங்களை நீக்க மாட்டோம். பணம் கையாடல், சரக்குத் திருட்டு, பொய்க் கணக்கு போன்ற குற்றச்சாட்டு எழுந்தால் எழுத்தில் விளக்கம் கேட்டு, விசாரித்து, ஆதாரத்தோடு பதிவு செய்த பிறகே முன்னறிவிப்பின்றி நீக்கம். கல்லாவில் தற்செயலாகக் குறையும் தொகையைச் சம்பளத்தில் பிடிக்க மாட்டோம். எப்படி விலகினாலும் பாக்கிச் சம்பளம் 2 வேலை நாளுக்குள் தரப்படும், அனுபவச் சான்றும் உண்டு.

சான்றிதழ்களின் நகல் போதும். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், எங்களிடமும்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கடையில் கடிதமும் தரவில்லை, விலகியபோது சான்றிதழைத் திருப்பித் தர நான்கு மாதம் அலையவிட்டார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் இப்படி எழுதியே தருகிறேன்.

இரு பிரதிகள் இணைத்துள்ளோம். வீட்டில் நிதானமாகப் படித்து, சம்மதம் என்றால் ஒன்றில் கையெழுத்திட்டு 29 மே-க்குள் கொடுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

மேற்கண்ட நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொண்டு சம்மதிக்கிறேன்.
மு. கவிதா