பகுதி 4: பிராண்ட் உத்தி – ஒரு பாக்கெட்டுக்கு 54 ரூபாய்

ஸ்லைடு 14: ஒரே வறுவல், இரண்டு பெயர்

திருச்சி ஆலையில் நாங்கள் வறுத்து அரைக்கும் 80:20 ஃபில்டர் காபித்தூள் இரண்டு வழியாக வெளியே போகிறது. ஒன்று எங்கள் பெயரில். இன்னொன்று, மளிகைக் கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் போட்டு விற்கும் பாக்கெட்டாக. கொட்டை ஒன்றுதான், வறுவல் ஒன்றுதான், சிக்கரியும் கவரின் தரமும் ஒன்றுதான். அதனால் எங்கள் பிராண்டின் மதிப்பைக் காட்ட கருத்துக்கணிப்பு எதுவும் தேவையில்லை. இரண்டு பாக்கெட்டின் மொத்த லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தால் போதும்.

500 கிராம் பாக்கெட் ஒன்றுக்கு, ரூபாயில்:

| | எங்கள் பெயர், ஏப்ரல் 2023 | எங்கள் பெயர், ஏப்ரல் 2025 | கடைப் பெயர், ஏப்ரல் 2023 | கடைப் பெயர், ஏப்ரல் 2025 |
|---|---|---|---|---|
| எங்கள் கைக்கு வரும் விலை | 262 | 366 | 231 | 312 |
| கொட்டை, சிக்கரி | 150 | 246 | 150 | 246 |
| வறுவல், பாக்கிங், கூலி | 28 | 32 | 28 | 32 |
| மொத்த லாபம் | 84 | 88 | 53 | 34 |

2023-இல் பெயருக்கான இடைவெளி 31 ரூபாய். 2025-இல் 54. இந்தப் பகுதியில் நாங்கள் சொல்லும் எல்லாமே இந்த 54 எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன செலவாகிறது, அடுத்த ஊரிலும் அது வருமா என்பதைப் பற்றியதுதான்.

ஸ்லைடு 15: காபிக்கொட்டை விலை ஏறிய இரண்டு ஆண்டுகள்

பெயருக்கு வலு இருக்கிறதா என்பது விலை ஏறும்போதுதான் தெரியும். அந்தச் சோதனையை எங்களுக்குச் சந்தையே வைத்தது. வியட்நாமிலும் பிரேசிலிலும் வறட்சி வந்து, 2024 செப்டம்பரில் லண்டன் சந்தையில் ரோபஸ்டா டன் 5,000 டாலரைத் தாண்டியது. 2024 டிசம்பரில் நியூயார்க்கில் அராபிகா 1977-இல் தொட்ட உச்சத்தை முறியடித்தது. 2025 பிப்ரவரியில் பவுண்டு 4 டாலருக்கும் மேலே போனது. சிக்மகளூரில் வாங்கினாலும் ஏற்காட்டில் வாங்கினாலும் கொட்டை விலை இந்தச் சந்தைகளைப் பார்த்துத்தான் நிற்கிறது.

எங்கள் மூலப்பொருள் செலவு இரண்டு ஆண்டில் 64 சதவீதம் ஏறியது. பாக்கெட்டின் எம்.ஆர்.பி.யை நாங்கள் நான்கு தவணையாக 340 ரூபாயிலிருந்து 470-க்குக் கொண்டுவந்தோம், அதாவது 38 சதவீதம். அப்புறம் என்ன நடந்தது? எங்கள் பாக்கெட்டும் கடைப் பெயர் பாக்கெட்டும் ஒரே அலமாரியில் இருக்கும் 22 கடைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். கடைக்குக் கடை வாடிக்கையாளர் வேறுபடுவார்கள் என்ற கேள்விக்கே இடம் வைக்கக் கூடாது என்பதற்காக. அந்தக் கடைகளில் எங்கள் பாக்கெட்டின் விற்பனை 6 சதவீதம் குறைந்தது. கடைப் பெயர் பாக்கெட் 28 சதவீதம் குறைந்தது. அதன் விலையை எங்களால் முழுதாக ஏற்றவும் முடியவில்லை. ஏற்றினால் கடைக்காரர் வேறு ஆலைக்குப் போய்விடுவார்.

அட்டவணையை உன்னிப்பாகப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் பாக்கெட்டின் மொத்த லாபம் ரூபாயில் நின்றாலும், சதவீதத்தில் 32-லிருந்து 24-க்கு இறங்கியிருக்கிறது. தெரிந்தே எடுத்த முடிவு அது. ஒவ்வொரு முறையும் எங்கள் ரூபாய் லாபம் காப்பாற்றப்படும் அளவுக்கு மட்டுமே விலையை ஏற்றினோம். சதவீதத்தைக் காப்பாற்றப் போயிருந்தால் எம்.ஆர்.பி. 520-ஐத் தாண்டியிருக்கும். மாதச் சம்பளத்தில் மளிகை வாங்கும் வீட்டில் அந்த விலை அரைக் கிலோவைக் கால் கிலோவாக்கிவிடும். கொட்டை விலை இறங்கும்போது சதவீதம் தானாக மேலே வரும். ரூபாய் இடைவெளி அப்போதும் நிற்கிறதா என்பதை மாதாமாதம் உங்களுக்குக் காட்டுவோம்.

ஸ்லைடு 16: பெயருக்குப் பின்னால் இருக்கும் வாக்கு

காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவையும் லேபிளில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது 80:20-உம் சட்டப்படி சரி, 55:45-உம் சட்டப்படி சரி. அரைத்த தூளைப் பார்த்து வீட்டில் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. வாங்குபவரின் சந்தேகம் அங்கேதான் இருக்கிறது, எங்கள் பிராண்ட் நிற்பதும் அங்கேதான்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை இரண்டு விஷயங்களுக்குக் கொடுத்திருக்கிறோம்: கலவை விகிதம், வறுத்த தேதி. வறுத்து 45 நாளாகியும் விற்காத பாக்கெட்டை எங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். அரைத்த தூளின் மணம் நாளாக ஆகக் குறையும். பழைய தூளில் டிகாஷன் இறக்கிய வீட்டுக்காரர் கடையைக் குறை சொல்ல மாட்டார், பெயரைத்தான் சொல்வார்.

இந்த வாக்கைக் காப்பாற்ற நாங்கள் விட்டுக்கொடுத்த பணமும் இருக்கிறது. 2025 விலையில், கலவையை 70:30 ஆக மாற்றினால் பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 21 ரூபாய் மிச்சம். 2024-25-இல் எங்கள் பெயரில் விற்றது 1.6 லட்சம் பாக்கெட். கணக்குப் போட்டால் 33 லட்சம் ரூபாய்க்கு மேல். அதை எடுக்கவில்லை. 500 கிராமை 450 ஆகக் குறைக்கவும் இல்லை. விலை ஏற்றிய ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் முன்பே கடைகளில் எழுதி ஒட்டினோம். சந்தாதாரர்களுக்கு வாட்ஸ்அப்பில் காரணத்தோடு அனுப்பினோம். 54 ரூபாயின் பெரும்பகுதி இங்கிருந்து வந்தது என்று உறுதியாக நம்புகிறோம்.

ஸ்லைடு 17: 38 லட்சம் எங்கே போனது

2024-25-இல் பிராண்டுக்கு நாங்கள் செய்த செலவு 38 லட்சம், பாக்கெட்டுக்கு 24 ரூபாய். 54-இல் அதைக் கழித்தால் மிஞ்சுவது 30.

இதில் மிகப் பெரிய தொகை விளம்பரத்துக்குப் போகவில்லை. 45 நாள் தாண்டித் திரும்பி வந்த பாக்கெட்டுகளின் செலவு மட்டும் 14 லட்சம்; விற்பனையில் 3.1 சதவீதம் திரும்பி வருகிறது. கணக்காளர் இதைச் சேதாரம் என்று எழுதச் சொன்னார். நாங்கள் பிராண்ட் செலவாகவே காட்டுகிறோம், ஏனென்றால் அந்த வாக்கு இல்லாவிட்டால் இந்தச் செலவும் இல்லை. கடை வாசலில் காபி போட்டுக் கொடுப்பதற்கு 13 லட்சம், கடைப் பலகை, அலமாரி வகைக்கு 5 லட்சம், இணைய விளம்பரமும் தள்ளுபடியும் 6 லட்சம். தொலைக்காட்சிக்கும் நட்சத்திரங்களுக்கும் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. நான்கு மாவட்டத்தில் மட்டும் விற்கும் பொருளுக்கு மாநிலம் முழுக்க விளம்பரம் செய்தால், வாங்கவே முடியாதவர்களுக்காகப் பணம் கட்டுகிறோம் என்று அர்த்தம்.

ஸ்லைடு 18: மலிவாகக் கிடைக்கும் வாடிக்கையாளர்

மாதச் சந்தாவில் வருபவர்களை ஆள் ஆளாகத் தொடர்ந்து பார்க்க முடிவதால் இந்தக் கணக்கு துல்லியமானது. இணையத்தில் முதல் பாக்கெட்டுக்குத் தள்ளுபடி கொடுத்துச் சேர்த்தவருக்கு, அந்தத் தள்ளுபடியையும் சேர்த்து, ஆன செலவு 180 ரூபாய். கடையில் காபி குடித்துப் பார்த்துச் சேர்ந்தவருக்கு 290. முதல் பார்வையில் தள்ளுபடிதான் லாபம்.

பன்னிரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். தள்ளுபடியில் வந்த 100 பேரில் 29 பேர் இருக்கிறார்கள். குடித்துப் பார்த்து வந்த 100 பேரில் 58 பேர். முன்னவர் ஆண்டில் சராசரியாக 5.6 பாக்கெட் வாங்கினார், பின்னவர் 8.6. சந்தா பாக்கெட்டில் டெலிவரி போக எங்களுக்கு நிற்பது 96 ரூபாய். ஆக, சேர்த்த செலவைக் கழித்தால் முதல் ஆண்டில் தள்ளுபடி வாடிக்கையாளர் தருவது 358 ரூபாய், மற்றவர் தருவது 536. தள்ளுபடிக்கான ஒதுக்கீட்டை இந்த ஆண்டு நிறுத்திவிட்டோம். அந்தப் பணம் கடை வாசலுக்குப் போகிறது, அதுவும் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி முதல் 7-ஆம் தேதிக்குள். மாதச் சாமான் வாங்குவது அந்த வாரத்தில்தான்.

ஸ்லைடு 19: இது ஏன் பேலன்ஸ் ஷீட்டில் இல்லை

நிறுவனம் தானே வளர்த்த பிராண்டைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்கிறது கணக்கியல் தரம். ஏஎஸ் 26 சொல்வதும் அதுதான், இண்ட் ஏஎஸ் 38 சொல்வதும் அதுதான். எனவே வறுவல் இயந்திரத்துக்குக் கொடுத்த பணம் எங்கள் சொத்துப் பட்டியலில் நிற்கிறது. பிராண்டுக்குக் கொடுத்த 38 லட்சம் அந்த ஆண்டின் லாபத்தைக் குறைத்துவிட்டு மறைந்துபோகிறது. எங்கள் லாப நட்டக் கணக்கைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும் நாளில்தான் அது வெளியே தெரியும். 1972-இல் வாரன் பஃபெட்டும் சார்லி மங்கரும் புளூ சிப் ஸ்டாம்ப்ஸ் மூலம் சீஸ் கேண்டீஸ் என்ற கலிஃபோர்னியா மிட்டாய் நிறுவனத்தை வாங்கினார்கள். கண்ணுக்குத் தெரியும் நிகரச் சொத்து ஏறக்குறைய 80 லட்சம் டாலர். கொடுத்த விலை 2.5 கோடி டாலர். மீதிப் பணம், ஆண்டுதோறும் விலையை ஏற்றினாலும் வாடிக்கையாளர் விட்டுப் போக மாட்டார் என்பதற்காகக் கொடுத்தது. நாங்கள் அந்த அளவில் இல்லை. ஆனால் ஸ்லைடு 15-இல் உள்ள 6 சதவீதமும் 28 சதவீதமும் அதே குணத்தைத்தான் அளக்கின்றன.

ஸ்லைடு 20: நாங்கள் கேட்பது, எங்கே நிறுத்துவோம்

திரட்டும் 4 கோடியில் பிராண்டுக்கு 1.2 கோடி, 18 மாதத்துக்கு. முதல் தவணை 45 லட்சம், மதுரைக்கு மட்டும், 180 கடை. சென்னைக்கு இப்போது போகவில்லை. அங்கே தெருவுக்குத் தெரு கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைகள் இருக்கின்றன; ‘புதிதாக வறுத்தது’ என்ற வாக்குக்கு அங்கே மவுசு குறைவு. மதுரையில் ஒப்பிடுவதற்காகவே 15 கடைகளுக்குக் கடைப் பெயரிலும் தூள் கொடுப்போம்.

இரண்டாவது தவணை 75 லட்சம், கோவைக்கு. மதுரையில் ஒன்பதாவது மாத முடிவில், அந்த 15 கடைகளில் இடைவெளி 40 ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும். கடை வாசலில் சேர்ந்த சந்தாதாரர் 100 பேரில் ஆறாவது மாதத்தில் 62 பேராவது தொடர வேண்டும்; திருச்சியில் அது 70. திரும்பி வரும் பாக்கெட் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் 75 லட்சம் வங்கியிலேயே இருக்கும். அதை என்ன செய்வது என்பதை உங்கள் பிரதிநிதியும் இருக்கும் இயக்குநர் குழு முடிவு செய்யும்.

இந்த எண்களோடு கடைவாரி விற்பனை, சந்தாதாரர் வருகை, திரும்பி வந்த பாக்கெட் கணக்கு எல்லாம் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி உங்களுக்கு வரும். கடந்த இரண்டு ஆண்டின் மூலக் கணக்குத் தாள்கள் இணைப்பு 3-இல் உள்ளன. 22 கடைகளின் பெயரும் அதில் இருக்கிறது. நீங்கள் விரும்பும் கடைக்கு நேரே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.