செவ்வாய் காலைத் தேர்வுக்கு ஏழு நாள்: டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ்

தம்பி, நீ கொடுத்த ஐந்து பழைய வினாத்தாள்களையும் பார்த்தேன். பெரிய கேள்விகளில் கார்னா மேப் ஐந்திலும் வந்திருக்கிறது, கவுன்டர் நான்கில், மல்டிபிளெக்ஸர் மூன்றில். லாஜிக் குடும்பங்கள், மெமரி எல்லாம் இரண்டு மதிப்பெண் கேள்வியோடு நின்றுவிட்டன. அதனால் நேரத்தையும் அந்தக் கணக்கில்தான் பிரித்திருக்கிறேன். நாளுக்கு மூன்று மணி நேரம், ஞாயிறன்று மட்டும் ஆறு. நோட்டைத் திரும்பத் திரும்பப் படிக்காதே. விடை சரியா என்று நீயே சோதித்துப் பார்க்க முடிகிற கணக்குகளை மட்டும் எடுத்துக்கொள். சோதிக்க முடியாத கணக்கைப் பத்து முறை போட்டாலும், தப்பு எந்த வரியில் என்று தெரியாது.

இன்று செவ்வாய். நம்பர் சிஸ்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும், அதுவும் 2-இன் காம்ப்ளிமென்ட் கழித்தலுக்குத்தான். 25 − 40 என்பதை 8 பிட்டில் போடு. 40 என்பது 00101000, அதன் 2-இன் காம்ப்ளிமென்ட் 11011000. அதோடு 00011001-ஐக் கூட்டினால் 11110001. கேரி வரவில்லை, ஆகவே விடை நெகட்டிவ். திரும்ப காம்ப்ளிமென்ட் எடுத்தால் 00001111, அதாவது −15. இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு 11110001-ஐ 241 என்று எழுதி மதிப்பெண்ணைத் தொலைப்பவர்கள் நிறையப் பேர். மீதி ஒன்றரை மணி நேரத்தில் டி மார்கன் விதிகள், NAND மட்டும் வைத்து வரைதல். F = AB + C என்பதை NAND-NAND ஆக மாற்றும்போது, தனியாக நிற்கும் C கடைசி கேட்டுக்குள் தலைகீழாகத்தான் போக வேண்டும். அந்த ஒரு இன்வர்ட்டரை மறந்தால் சர்க்யூட் முழுதும் தப்பு.

புதனும் வியாழன் முதல் பாதியும் கார்னா மேப்புக்கு. மொத்தம் எட்டு கணக்கு: நான்கு வேரியபிள் SOP மூன்று, POS இரண்டு, டோன்ட் கேர் உள்ளது மூன்று. ஐந்து வேரியபிள் பக்கமே போகாதே, ஐந்து தாளிலும் அது இல்லை. இரண்டு கணக்கை மட்டும் நானே சொல்கிறேன்.

```
F(A,B,C,D) = Σm(0,2,5,7,8,10,13,15)
F(A,B,C,D) = Σm(1,5,6,7,11,12,13,15)
```

முதலாவதில் நான்கு மூலைகளும் சேர்ந்து ஒரே குழு. மேப்பின் ஓரங்கள் ஒட்டியிருப்பதாக நினைக்காவிட்டால் அது கண்ணில் படாது. விடை BD + B'D', அதாவது B, D இரண்டின் XNOR. இரண்டாவது கணக்கில்தான் பொறி. நடுவில் 5, 7, 13, 15 என்று நாலு பெட்டிக் குழு பளிச்சென்று தெரியும், கை தானாக அதைத்தான் முதலில் வளைக்கும். ஆனால் 1 சேர்வதற்கு 5 மட்டும்தான் உண்டு, 6-க்கு 7 மட்டும், 12-க்கு 13 மட்டும், 11-க்கு 15 மட்டும். அந்த நான்கு ஜோடிகளை வளைத்த பிறகு நடுக்குழுவில் மூடப்படாத பெட்டி ஒன்றுகூட மிஞ்சாது. விடை A'C'D + A'BC + ABC' + ACD. BD-யையும் சேர்த்து எழுதினால் ட்ரூத் டேபிள் ஒத்துப்போகும், ஆனால் அது மிகச் சுருங்கிய வடிவம் இல்லை. ஆகவே எப்போதும், ஒரே ஒரு குழுவில் மட்டும் சேரக்கூடிய 1-ஐத் தேடி அங்கிருந்து தொடங்கு.

வரிசைத் தலைப்பை 00, 01, 11, 10 என்றே எழுது. பழக்கத்தில் 00, 01, 10, 11 என்று எழுதிவிட்டால் மேப் முழுதும் இடம் மாறிவிடும். ஒவ்வொரு விடையையும் அதில் இருக்க வேண்டிய ஒரு மின்டெர்ம், இருக்கக் கூடாத ஒன்று என இரண்டைப் போட்டுச் சரிபார். அரை நிமிட வேலை.

வியாழன் மீதி நேரத்தில் மல்டிபிளெக்ஸர். Σm(1,3,5,6)-ஐ 4:1 மக்ஸில் போடு. A, B செலக்ட் லைன் என்றால் உள்ளீடுகள் C, C, C, C'. அதே கணக்கை B, C செலக்ட் என்று வைத்துப் போட்டால் 0, 1, A, A'. இரண்டும் சரி, ஆனால் படத்தில் எது S1, எது S0 என்று குறிக்காவிட்டால் திருத்துபவருக்கு இரண்டுமே தப்பாகத்தான் தெரியும். ஃபுல் ஆடரை ஒரு முறை வரைந்து பார்த்தால் போதும். NAND மட்டும் வைத்துக் கேட்டால் 9 கேட்.

வெள்ளி, ஃபிளிப் ஃபிளாப். JK எக்சைட்டேஷன் டேபிளைப் பார்க்காமல் எழுதும்வரை எழுது. சனிக்கிழமை வேலை முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. 0→0: 0X, 0→1: 1X, 1→0: X1, 1→1: X0. ரேஸ் அரவுண்டுக்குக் காரணத்தையும் எழுத வேண்டும்: லெவல் டிரிகரில் J = K = 1 இருக்கும்போது, கிளாக் பல்ஸின் அகலம் ஃபிளிப் ஃபிளாப்பின் தாமதத்தைவிட நீளமாக இருந்தால் வெளியீடு ஒரே பல்ஸில் பல முறை புரளும். மாஸ்டர்-ஸ்லேவ் இதைத் தவிர்க்கும் என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

சனி, மோட்-6 சின்க்ரனஸ் கவுன்டர். ஒரே கணக்கை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதுத் தாளில். மேப் போட்டபின் வர வேண்டியது இது:

```
J0 = K0 = 1
J1 = Q2'Q0    K1 = Q0
J2 = Q1Q0     K2 = Q0
```

சோதனை: 101-இல் இவற்றைப் போட்டால் அடுத்தது 000 வர வேண்டும். பயன்படாத 110-ஐயும் போட்டுப் பார். 111-க்குப் போய், அங்கிருந்து 000-க்கு வந்துவிடும், சிக்கிக்கொள்ளாது. இதை விடையின் அடியில் ஒரு வரியாக எழுதிவிடு. பிறகு ரிப்பிள் கவுன்டர், அதன் டைமிங் படத்தோடு. Q-வை அடுத்த கிளாக்குக்குக் கொடுக்கும்போது நெகட்டிவ் எட்ஜ் என்றால் மேலே எண்ணும், பாசிட்டிவ் எட்ஜ் என்றால் கீழே எண்ணும். கேள்வியில் கிளாக் முனையில் சிறு வட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பென்சிலை எடு.

ஞாயிறு காலை, தேர்வு நேரத்திலேயே, மூன்று மணி நேரம் ஒரு பழைய தாளை முழுதாக எழுது, நடுவில் எழுந்திருக்காதே. மதியம் திருத்து. தப்புகளை "முறை தெரியவில்லை", "முறை தெரியும், கை தவறியது" என்று இரண்டாகப் பிரி. முதல் வகைக்கு மாலையில் ஒரு கணக்கு கூடுதலாகப் போடு. இரண்டாவது வகைக்கு மறுபடி கணக்கு வேண்டாம், எந்தப் படியில் கை தவறியது என்று மட்டும் குறித்துக்கொள். மீதி நேரத்தில் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்: 4 பிட் ரிங் கவுன்டருக்கு 4 நிலை, ஜான்சனுக்கு 8.

திங்கள், சின்னக் கேள்விகள் மட்டும். TTL-CMOS வேறுபாடு, ஃபேன்-அவுட் விளக்கம், ROM வகைகள், n பிட் ஃபிளாஷ் ADC-க்கு 2ⁿ−1 கம்பரேட்டர், சக்சஸிவ் அப்ராக்சிமேஷனுக்கு n ஒப்பீடு. 1K×4 சிப் வைத்து 4K×8 கட்ட எட்டு சிப், 12 அட்ரஸ் லைன். இது பெரிய கேள்வியாக வந்தாலும் சமாளித்துவிடலாம். புதுக் கணக்கு எதையும் தொடாதே. ஞாயிறன்று குறித்துவைத்த கைத்தவறுப் பட்டியலை இரவு ஒரு முறை பார்த்துவிட்டுத் தூங்கு. ஸ்கேல், இரண்டு பென்சில், ரப்பர் எல்லாம் அப்போதே பையில் இருக்கட்டும். டைமிங் படத்தைப் பேனாவால் போட்டால் அடித்தல் திருத்தலில் எட்ஜ் எங்கே இருக்கிறதென்றே தெரியாது.