நாலரை மணி அலாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்
(பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் பேசியது, கோத்தகிரி)

எல்லோருக்கும் வணக்கம். இந்த மஞ்சிலும் தோட்டத்திலிருந்தும் ஃபேக்டரியிலிருந்தும் நேராக வந்திருக்கிறீர்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிடாமல் முடித்துவிடுகிறேன்.

போன வாரம் முதல் பீரியடிலேயே ஒரு பையன் தூங்கிவிட்டான். எழுப்பினால் கன்னத்தில் ஸ்பைரல் நோட்டின் தடம் வரிசையாகப் பதிந்திருக்கிறது.

"எத்தனை மணிக்கு எழுந்தே?"

"நாலரை, மிஸ். அப்பா எழுப்பிடுவார்."

"படுத்தது?"

"பன்னெண்டு இருக்கும்."

அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். இவன் தூங்கியது அதில் பாதி. சீக்கிரம் படுக்கச் சொன்னால் கேட்பதில்லை என்பீர்கள். அதில் பாதி உடம்பின் வேலை. தூக்கம் வரவைக்கும் மெலடோனின் இந்த வயதில் இரவு தாமதமாகத்தான் சுரக்கும். பத்து மணிக்குக் கண் சொருகவில்லை என்றால் அது திமிர் இல்லை. மீதிப் பாதி, கம்பளிக்குள் இருக்கும் போன்.

படித்தது மனதில் உறுதியாகப் பதியத் தூக்கம் வேண்டும். அதனால் நாலரை அலாரம் லாபமில்லை. ஆறு மணிக்கு எழுப்புங்கள், விடிந்ததும் குளிரைப் பார்க்காமல் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் படவிடுங்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம். கோத்தகிரியில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்.

சரி, போனை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? ஒரு மாணவி சொன்னாள்: அவளை மட்டும் விட்டுவிட்டு தோழிகள் புது குரூப் தொடங்கிவிட்டார்கள். யாராவது சேர்த்துக்கொள்வார்களா என்று ஒரு மணி வரை பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். வீட்டில் சொன்னபோது, "இதெல்லாம் ஒரு விஷயமா, போய்ப் படி" என்றார்களாம். அதற்குப் பிறகு அவள் வீட்டில் எதையும் சொல்வதில்லை. என் மகனிடம் நானும் இதே வார்த்தையைச் சொன்னவள்தான். போனைப் பிடுங்காதீர்கள். ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டிலுள்ள எல்லா போனும் சமையலறை அலமாரிக்குப் போகட்டும். உங்களுடையதும்தான்.

அப்புறம் மார்க். "நாங்க இலை பறிச்சுக் கஷ்டப்படறோம், நீயாவது..." என்பது பாசத்தில் வருவது, தெரியும். தினமும் கேட்கிற பிள்ளைக்கு அது தலைச்சுமை ஆகிவிடுகிறது. மார்க்கைக் கேட்கும் முன் மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் சேராமல் இருந்தால் என்னிடம் வாருங்கள். "நான் இல்லாமலே இருந்திருக்கலாம்" என்று விளையாட்டாகச் சொன்னாலும் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியாக விடாமல், என்ன நினைக்கிறாய் என்று நேராகவே கேளுங்கள். 14416, அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னால் சுக்குக் காபியும் வர்க்கியும் இருக்கிறது. தனியாகப் பேச வேண்டியவர்கள் நூலக அறைக்கு வாருங்கள், பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில்.