அறுபத்து மூவர் விழா: குழந்தையோ முதியவரோ கூட்டத்தில் காணாமல் போனால் தொண்டர்கள் செய்ய வேண்டியவை

மயிலாப்பூர் மாட வீதிகளில் பணியிலிருக்கும் தொண்டர்கள் அனைவரும் இதைப் படித்துவிட்டே வீதியில் இறங்க வேண்டும். நமது உதவிப் பந்தல் சன்னதித் தெரு முனையில் இருக்கிறது.

தனியே அழுதுகொண்டு நிற்கும் குழந்தையைக் கண்டால், அதே இடத்தில் ஐந்து நிமிடம் உடன் நில்லுங்கள். தாய் பெரும்பாலும் பத்தடி தூரத்தில்தான் தவித்துக்கொண்டிருப்பார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் தேடப் புறப்பட்டால் இருவரும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வருவார்கள். யாரும் வராவிட்டால் பந்தலுக்கு அழைத்து வாருங்கள். இரண்டு தொண்டர்கள் சேர்ந்தே வர வேண்டும். ஒருவர் பெண்ணாக இருப்பது கட்டாயம். குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுங்கள். எந்தத் தின்பண்டம் ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது.

ஒலிபெருக்கியில் இவ்வளவு போதும்: "ஒரு குழந்தை சன்னதித் தெரு உதவிப் பந்தலில் பத்திரமாக இருக்கிறது. பெற்றோர் உடனே வரவும்." பெயரையும் சட்டை நிறத்தையும் சொல்லவே கூடாது. கொலுசில் ஒரு மணி உதிர்ந்திருப்பது, முழங்கால் தழும்பு போன்ற அடையாளங்களை வருபவர்தான் நமக்குச் சொல்ல வேண்டும். குழந்தையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

பிள்ளையைக் காணோம் என்று பெற்றோர் வந்தால், முதல் வேலை குளம். இருவர் உடனே படிக்கட்டுகளுக்கு ஓட வேண்டும். மற்றவர்கள் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து வெளிநோக்கித் தேடட்டும். பலூன்காரர், பொம்மைக் கடை, அன்னதானப் பந்தல் எதையும் விடக்கூடாது. அன்று காலை எடுத்த படம் கைபேசியில் இருக்கிறதா என்று கேளுங்கள். உடையும் அதுவாகவே இருக்கும். பெற்றோரில் ஒருவர் பந்தலை விட்டு நகரக்கூடாது. காவல் உதவி மையத்துக்கு உடனே ஆள் அனுப்புங்கள். பத்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் அவசர உதவி எண் 112, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டுக்கும் பேசுங்கள்.

முதியவரைக் காணோம் என்றால் அறிவிப்பு நேர்மாறானது. மறதி நோய் உள்ளவர் தம் பெயரைக் கேட்டும் திரும்பாமல் நடந்துகொண்டிருக்கலாம். பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் சுற்றியிருப்பவர்கள். ஆகவே குடும்பத்தாரின் சம்மதத்துடன் வயது, உடை, கைத்தடி எல்லாவற்றையும் சொல்லுங்கள். நோயைச் சொல்ல வேண்டாம். முன்பு எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று கேளுங்கள். பழைய வீட்டை நோக்கிக் கால்கள் போவது வழக்கம். திண்ணைகளையும் நிழல் விழும் படிகளையும் பாருங்கள்.

கண்டதும் "ஐயா", "அம்மா" என்று முன்பக்கமாக வந்து பேசுங்கள். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். நினைவிருக்கிறதா என்று சோதிக்காதீர்கள். அது அவர்களை அவமானப்படுத்தும். வியர்த்து நடுங்கினாலோ பேச்சு குழறினாலோ விசாரணையை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். முதியோர் உதவி எண் 14567 இரவு எட்டு மணி வரை கிடைக்கும்.

ஒப்படைக்கும்போது அடையாள அட்டை, கைபேசி எண், கையொப்பம் மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். அழைத்துப் போக வந்தவரிடம் போகக் குழந்தை தயங்கினால், அவர் எவ்வளவு கோபித்தாலும், காவலர் முன்னிலையில்தான் முடிவு. விழா முடிந்தும் யாரும் வராவிட்டால் குழந்தையைக் காவலரிடம் ஒப்படையுங்கள். 24 மணி நேரத்துக்குள் அது குழந்தை நலக் குழுவின் முன் கொண்டுசெல்லப்பட வேண்டும் என்பது சட்டம். எந்தத் தொண்டரும், எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும், தம் வீட்டுக்கு அழைத்துச் செல்லக்கூடாது.

கிடைத்துவிட்ட செய்தியை எல்லா முனைகளுக்கும் சொன்ன பிறகே தேடுதலை நிறுத்துங்கள்.