அட்வான்ஸ் பணம் திருப்பித் தருவது பற்றி: திருத்தி எழுதிய கணக்கு

ஏப்ரல் 28, 2025

அன்புள்ள தம்பிக்கு,

ஏப்ரல் 9 அன்று நான் அனுப்பிய கடிதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தையே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்திருந்த 60,000 ரூபாய் அட்வான்ஸில் 34,500 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி 25,500 ரூபாயை அனுப்பியிருந்தேன். அந்தக் கணக்கு தப்பு. சரியாகப் பார்த்தால் இன்னும் 30,900 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். இன்று காலை உங்கள் வங்கிக் கணக்குக்கு, முதலில் அனுப்பிய அதே கணக்குக்கே, அனுப்பிவிட்டேன். எது எப்படி வந்தது என்பதைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

"அக்கா, நாலு வருஷம் வாடகை கொடுத்துக் குடியிருந்த வீட்டுக்கு மொத்தமா பெயின்ட் அடிக்கிற செலவும் என்னோடதா?" என்று போனில் கேட்டீர்கள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. போனை வைத்த பிறகு பழைய படங்கள், ரசீதுகள், நம் இருவரின் மெசேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்து உட்கார்ந்தேன். பெயின்டர், பிளம்பர் ஆளுக்கொரு தொகை சொல்ல, அதை அப்படியே கூட்டி உங்கள் தலையில் போட்டிருக்கிறேன். அட்வான்ஸ் என்பது என்னிடம் பத்திரமாக இருக்க வேண்டிய உங்கள் பணம். அதில் ஒரு ரூபாய் எடுத்தாலும் காரணம் சொல்ல வேண்டியவள் நான்தான். பிடித்தது நியாயம் இல்லை என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது இல்லை.

முதலில் பெரிய தொகை, பெயின்ட். வீடு முழுவதற்கும் 21,000 ரூபாய் போட்டிருந்தேன். நீங்கள் குடிவந்தது 2021 ஜூன் 1. அதற்கு முந்தைய வாரம்தான் வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடித்தோம். காலி செய்தது 2025 மார்ச் 31. ஆக மொத்தம் 46 மாதம். நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நான் பெயின்ட் அடிப்பது வழக்கம். நிறம் மங்குவது, சுவிட்சைச் சுற்றிக் கைபட்டுக் கறுப்பது, காலண்டர் மாட்டிய ஆணித் துளை எல்லாம் புழங்குகிற வீட்டில் வரத்தான் செய்யும். அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் வாடகை வாங்கினேன். அதனால் வீடு முழுவதற்கும் பெயின்ட் அடித்த செலவு என்னுடையது.

ஹாலில் பாப்பா வரைந்த மஞ்சள் வீட்டையும், அதைவிடப் பெரிய சூரியனையும் முந்தைய கடிதத்தில் ஒரு காரணமாகவே எழுதியிருந்தேன். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன், கிரேயான் போய்விட்டது. அதற்கு ஒன்றும் இல்லை.

படுக்கை அறையில் டிவி ஸ்டாண்டு மாட்டியிருந்த சுவர் மட்டும் வேறு விஷயம். ஸ்டாண்டைக் கழற்றும்போது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அளவுக்குப் பூச்சு பெயர்ந்து, உள்ளே செங்கல் தெரிந்தது. இது புழங்கித் தேய்ந்தது இல்லை. கொத்தனார் வந்து பூசியதற்குக் கூலியும் பொருளும் சேர்த்து 1,200 ரூபாய். இதை முழுதாகப் பிடித்திருக்கிறேன். பூசிய பிறகு அந்த ஒரு சுவருக்கு மட்டும் தனியாக எவ்வளவு என்று பெயின்டரிடம் கேட்டேன், 2,400 என்றார். அந்தச் சுவரின் பெயின்டுக்கு 60 மாத ஆயுள் என்று வைத்தால் 46 மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது, மீதி 14 மாதம். அறுபதில் பதினான்கு பங்குதான் நீங்கள் தர வேண்டியது: 2,400-ல் 560 ரூபாய். பழைய பெயின்டைக் கெடுத்ததற்குப் புதுப் பெயின்டின் முழு விலையையும் வாங்கினால், உங்கள் செலவில் நான் வீட்டைப் புதுசாக்கிக்கொண்டது போல ஆகிவிடும்.

அடுத்தது சமையலறை. இந்த இடத்தில் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சிங்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவும் அடிப்பலகையும் ஊறி உப்பிவிட்டன என்று 5,500 ரூபாய் போட்டிருந்தேன். மெசேஜ்களைத் தேடியபோது 2024 அக்டோபர் 14 அன்று நீங்கள் அனுப்பியது கிடைத்தது. "சிங்க் பைப்ல தண்ணி சொட்டுதுக்கா, பக்கெட் வெச்சிருக்கோம்" என்று எழுதி, கூடவே படமும் போட்டிருக்கிறீர்கள். 20-ம் தேதி மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். நான் பிளம்பரை அனுப்பியது நவம்பர் 5. மூன்று வாரம் தண்ணீர் சொட்டினால் எந்தப் பலகைதான் தாங்கும்? சொல்ல வேண்டிய நேரத்தில் நீங்கள் சொல்லிவிட்டீர்கள், கவனிக்காமல் விட்டது நான். 5,500 ரூபாயையும் நீக்கிவிட்டேன்.

மேல் அலமாரியின் கண்ணாடி உடைந்ததைச் சாவி கொடுக்கும்போது நீங்களே சொன்னீர்கள். கண்ணாடிக்கும் பொருத்துவதற்கும் சேர்த்து 650 ரூபாய் ஆனது. அதைப் பிடித்திருக்கிறேன்.

குளியலறைக் குழாய்க்குப் போட்டிருந்த 2,800 ரூபாயும் இல்லை. அந்தக் குழாய் 2016-ல் போட்டது. உள்ளே தேய்ந்து போயிருந்தது என்று பிளம்பரே சொன்னார். உங்களுக்கு முன்பு இருந்தவர்களும் திருகிய குழாய் அது.

வீட்டைச் சுத்தம் செய்ய என்று 3,000 ரூபாய் எழுதியிருந்தேன். அதற்கு என்னிடம் ரசீதே கிடையாது. மார்ச் 31 அன்று எடுத்த படங்களைப் பார்த்தால் நீங்கள் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள், அடுப்பு மேடையைக்கூடத் தேய்த்துக் கழுவியிருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேனில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, சமைக்கிற வீட்டில் அது இல்லாமல் இருக்காது. ஆனால் பரண்மேல் ஒரு பழைய மெத்தையும் மூன்று சாக்குமூட்டைகளும் இருந்தன. அவற்றை இறக்கி அப்புறப்படுத்த வண்டிக்கும் ஆள் கூலிக்கும் 900 ரூபாய் ஆனது. தூக்கிப் போடுவதற்கு முன்னால் உங்களிடம் கேட்டு, "வேண்டாம் அக்கா" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எடுத்தோம். சுத்தம் என்ற பெயரில் இந்த 900 மட்டும் நிற்கிறது.

"மற்றவை" என்று 2,200 ரூபாய் போட்டிருந்தேனே, அப்படி ஒரு தலைப்பே இந்தக் கணக்கில் இருக்கக் கூடாது. அதில் இருந்தது இரண்டு விஷயம்தான். ஒன்று, முன்கதவுக்கு மூன்று சாவி கொடுத்திருந்தேன், இரண்டுதான் திரும்பி வந்தது. மாற்றுச் சாவி செய்ய 150 ரூபாய். அடுத்து வருகிறவர்களுக்காகப் பூட்டையே மாற்றிவிட்டேன் என்றாலும், அது நான் எடுத்த முடிவு. அந்தச் செலவு உங்களுக்கு வராது. இன்னொன்று, கழிப்பறை ஃபிளஷ் டேங்க் மூடியில் இருந்த விரிசல். வீட்டைக் காலி செய்த அன்று மாலை "வாங்க அக்கா, ஒரு தடவை சுத்திப் பார்த்துடுங்க" என்று நீங்கள் கூப்பிட்டீர்கள். அவசரமாக வெளியே கிளம்பிக்கொண்டிருந்ததால் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். விரிசலைப் பார்த்தது நான்கு நாள் கழித்து. அதற்குள் பெயின்டர், கொத்தனார், பிளம்பர் மூன்று பேரும் வந்து போயிருந்தார்கள். யாரால் ஆனது என்று உறுதியாகச் சொல்ல முடியாததை உங்கள் பேரில் எழுதுவது முறை இல்லை. விட்டுவிட்டேன்.

முந்தைய கடிதத்தில் இல்லாத இரண்டு இதில் வருகின்றன. முதலாவது, கடைசி மின்கட்டணம். பில் வந்தது ஏப்ரல் 17-ல்தான். மொத்தம் 312 யூனிட், 1,560 ரூபாய். நீங்கள் கிளம்பிய அன்று எடுத்த மீட்டர் படத்தின்படி அதில் 248 யூனிட் உங்களுடையது. சராசரி யூனிட்டுக்கு 5 ரூபாய், ஆக 1,240 ரூபாய். மீதி 64 யூனிட் வேலை நடந்த நாட்களில் ஓடியது, அது என் பொறுப்பு.

இரண்டாவது, நீங்கள் கேட்காமலே விட்டது. 2023 ஜூலையில் கெய்சர் பழுதானபோது 1,100 ரூபாய் கொடுத்து நீங்களே சரி செய்து ரசீதை அனுப்பியிருக்கிறீர்கள். "அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நானும் பதில் போட்டிருக்கிறேன். வங்கிக் கணக்கைப் பார்த்தால் அடுத்த மாதமும் முழு வாடகைதான் வந்திருக்கிறது, அதற்குப் பிறகும் கழிக்கவில்லை. கெய்சர் வீட்டோடு சேர்ந்தது, அதன் செலவு என்னுடையது. இந்த 1,100 ரூபாயைக் கூட்டியிருக்கிறேன்.

ஒரே இடத்தில் பார்ப்பதற்காக:

அட்வான்ஸ்: 60,000
சுவர்ப் பூச்சு: 1,200
அந்தச் சுவருக்குப் பெயின்ட், உங்கள் பங்கு: 560
அலமாரிக் கண்ணாடி: 650
பரண் சாமான் அப்புறப்படுத்தியது: 900
மாற்றுச் சாவி: 150
மின்கட்டணம், 248 யூனிட்: 1,240
மொத்தப் பிடித்தம்: 4,700
பிடித்தம் போக: 55,300
கெய்சர் செலவு சேர்த்தால்: 56,400
ஏப்ரல் 12 அன்று அனுப்பியது: 25,500
இன்று அனுப்பியது: 30,900

கொத்தனார், கண்ணாடிக் கடை, வண்டி, சாவி ஆகியவற்றின் ரசீதுகள், பெயின்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, மின்கட்டண பில், மீட்டர் படம் எல்லாவற்றையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். டிவி சுவரின் படங்கள் இரண்டு இருக்கும். ஒன்று 2021-ல் நீங்கள் குடிவரும் முன்பு எடுத்தது, மற்றது இப்போது எடுத்தது.

பணத்தை வாங்கிக்கொண்டதால் இந்தக் கணக்கை நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. கையெழுத்துப் போட்டு எதையும் திருப்பி அனுப்பவும் வேண்டாம். பிடித்த 4,700 ரூபாயில் எதுவும் சரியில்லை என்று பட்டால் அந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம். குறிப்பாகச் சுவர்ப் பூச்சு. அந்த இடத்தில் முன்பே ஈரம் கோத்திருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் கொஞ்சம் ஈரம் ஏறும் என்பது எனக்கும் தெரியும். கொத்தனாரைக் கூப்பிட்டு மறுபடி பார்க்கச் சொல்கிறேன்.

முந்தைய கடிதத்தில் "வீட்டைப் பாழாக்கிவிட்டீர்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அது உண்மை இல்லை. தங்கச்சி அதைப் படித்து வருத்தப்பட்டதாகச் சொன்னீர்கள். அவரிடமும் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். புது வீட்டுக்காரர் விசாரித்தால் என் நம்பரைக் கொடுங்கள். நேரத்துக்கு வாடகை கொடுத்து, வீட்டை ஒழுங்காக வைத்திருந்தவர்கள் என்று சொல்வேன்.

அப்புறம், ஹாலிலும் படுக்கை அறையிலும் நீங்கள் போட்ட திரைச்சீலைக் கம்பிகள் நான்கும் அப்படியே இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் மே 10-ல்தான் வருகிறார்கள். வேண்டுமென்றால் அதற்குள் ஒரு நாள் வந்து கழற்றிக்கொள்ளுங்கள். விட்டுவிடுவதாக இருந்தால் என்ன விலை என்று சொல்லுங்கள், அதையும் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
கீழ்வீட்டு அக்கா