கடைசி வீட்டுக் கோழி

பாட்டிக்கென்று அப்பா வாங்கி வந்த ஐந்து கோழிகளையும் முதல் சில நாட்களுக்குக் கூண்டைவிட்டு வெளியே விடவில்லை. புது இடத்தைத் தன் இடமென்று பழகும்வரை அடைத்து வைக்காவிட்டால், பொழுது சாயும்போது எங்கே திரும்புவதென்று தெரியாமல் கோழி கண்ட மரத்தில் ஏறிவிடும் என்று பாட்டி சொன்னாள். அவளும் எங்கள் வீட்டுக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. 40 ஆண்டுகள் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு மர முக்காலியுமாக வந்திருந்தாள். அந்த முக்காலியைக் கூண்டின் எதிரே போட்டு உட்கார்ந்து, காலையிலும் மாலையிலும் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர் வைக்கலாமா என்று நான் முதல் நாளே கேட்டேன். "முகம் தெரியாமல் எப்படிப் பெயர் வைப்பது? பொறு" என்றாள்.

முதலில் பெயர் பெற்றது கறுப்புக் கோழி. தீனித் தட்டை உள்ளே வைத்ததும் அதுதான் முன்னால் வந்து நிற்கும். குறுக்கே வரும் கோழியின் தலையில் ஒரு கொத்து விழும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் முறை வந்ததும் தடுக்காது. இரண்டு நாள் இதைக் கவனித்த பாட்டி, "இவள் கோமதி" என்றாள். பழைய தெருவில் குழாயடியில் வரிசையை வகுத்தவள் கோமதியாம். அவளுக்குப் பயந்து குடத்தை முந்தி வைக்க யாரும் துணிந்ததில்லை. ஆனால் அவள் நின்ற நாளில் தண்ணீர் கிடைக்காமல் வெறுங்குடத்தோடு திரும்பியவர்களும் இல்லை.

பழுப்புக் கோழிக்குச் சரஸ்வதி என்று பெயர் வைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அது முட்டையிட்டால் மட்டுமல்ல, வேறு கோழி முட்டையிட்டாலும் கேறிக் கேறி ஊரைக் கூட்டிவிடும். தெருவில் யார் வீட்டு விசேஷமும் சரஸ்வதி வாயால்தான் எல்லாருக்கும் தெரியவரும் என்றும், நல்ல சேதியை அவள் சொல்லிக் கேட்டால் அது இன்னும் நல்ல சேதியாகிவிடும் என்றும் பாட்டி சொன்னாள். வெள்ளைக் கோழி வெயில் ஏறியதும் மண்ணில் குழி பறித்துப் புரண்டு, இறகுகளுக்குள் புழுதியைத் தள்ளி உதறிவிட்டு, பிறகு ஒவ்வோர் இறகாக அலகால் நீவிச் சீர்செய்துகொள்ளும். உண்ணி, பேன் அண்டாமலிருக்கக் கோழிகள் எல்லாமே செய்கிற வேலைதான் அது என்றாலும், இதன் பொறுமை வேறு எதற்கும் இல்லை. அது பத்மா ஆயிற்று. பத்மாவைப் பற்றிப் பாட்டி அதிகம் பேசவில்லை. அவள் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

சாம்பல் புள்ளிக் கோழிதான் எங்களைத் திகைக்க வைத்தது. முட்டையை எடுத்துவிட்ட பிறகும் வெறும் வைக்கோல்மேல் உட்கார்ந்துகொண்டு அது எழ மறுத்தது. கையை நீட்டினால் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கொத்தியது. அதற்கு உடம்பு சரியில்லை என்று நான் பயந்தேன். பாட்டியோ அதன் வயிற்றின் கீழே மெல்லக் கையை விட்டு, "எவ்வளவு சூடு பார்" என்று என் விரல்களையும் உள்ளே வைத்தாள். அடைக்கு உட்கார்ந்திருக்கிறது என்று விளக்கினாள். "இவள் பாத்திமா. பாத்திமாவுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் வேலைக்குப் போகிற நாங்கள் எல்லாரும் எங்கள் குழந்தைகளை அவள் மடியில்தான் போட்டுவிட்டுப் போவோம். உன் அப்பனும் அங்கே வளர்ந்தவன்தான்."

எங்களிடம் சேவல் இல்லாததால் எங்கள் முட்டைகளை அடை வைத்துப் பயனில்லை. சேவல் வளர்க்கும் பக்கத்து வீட்டில் முட்டைகள் கேட்டு வாங்கி வந்து, இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகப் பாத்திமாவின் அடியில் பாட்டி தள்ளிவிட்டாள். குஞ்சு பொரிக்க 21 நாட்கள் ஆகும் என்றாள். ஒரு வாரம் கழித்து டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தோம். சிலவற்றில் மெல்லிய சிவப்பு நரம்புகள் ஒரு கரும்புள்ளியிலிருந்து கிளை பிரிந்து ஓடியிருந்தன. ஒன்றும் ஓடாதவற்றைப் பாட்டி எடுத்துத் தனியே வைத்தாள்.

ஐந்தாவது கோழி மட்டும் பெயரில்லாமல் இருந்தது. சிவந்த நிறம், சிறிய உருவம். எல்லாம் தின்று ஓய்ந்த பிறகு வந்து மிச்சத்தைப் பொறுக்கும். முட்டையிட்டுவிட்டுச் சத்தமே போடாது. விறகு அடுக்குக்குப் பின்னால் அது சேர்த்து வைத்திருந்த முட்டைகளைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம்.

"இது கடைசி வீட்டம்மா" என்றாள் பாட்டி.

"அவர் பெயர் என்ன, பாட்டி?"

பாட்டி வாயைத் திறந்தாள், பதில் வரவில்லை. பெரியவர்களுக்கு அவள் கடைசி வீட்டம்மா, குழந்தைகளுக்குக் கடைசி வீட்டு அத்தை. தெருவில் யார் துணி கிழிந்தாலும் வாங்கிக்கொண்டு போய், தைத்த இடம் தெரியாதபடி தைத்து, மடித்து, வாசல் திண்ணையில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விடுவாளாம். என் அப்பாவின் பள்ளிச் சட்டைகள் பலமுறை அவள் கைக்குப் போய் வந்தவை. அத்தனை காலத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுப் பாட்டி கேட்டதில்லை.

வேறு பெயர் வைத்துவிடலாமே என்று அப்பா சொன்னபோது பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைச் சரஸ்வதிக்குத் தொலைபேசி போடச் சொன்னாள். தெருவின் சேதியெல்லாம் தெரிந்த சரஸ்வதிக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல நேர்ந்தது அந்தம்மாவைப் பெரிதாக உறுத்தியிருக்க வேண்டும். அன்று மாலைக்குள் தானே இரண்டு முறை கூப்பிட்டார். பாத்திமாவிடம் கேட்டபோது, அவள் குரல் நினைவிருக்கிறது, அவள் வைத்திருந்த ஊசிப்பெட்டியின் மூடிகூட நினைவிருக்கிறது, பெயர் மட்டும் இல்லை என்றார்.

கடைசியில் கோமதி பாட்டிதான் வழி கண்டார். தெருப் பெண்கள் மாதந்தோறும் பணம் போட்டுச் சேமித்த கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. அந்த நோட்டுகளில் ஒன்றையும் அவர் தூக்கிப் போடவில்லை. பரணிலிருந்து அவற்றை இறக்க அவருடைய மகனுக்கு மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் காலையில் அவர் பேசும்போது நான் ஒலிபெருக்கியை அழுத்தி வைத்தேன்.

"எழுதிக்கொள், ரங்கம். நாமெல்லாம் அவசரத்தில் கிறுக்கிய கையெழுத்து. அவள் ஒருத்திதான் ஒவ்வொரு மாதமும் முழுப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறாள். செண்பகவல்லி."

பாட்டி அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். பிறகு கைநிறையத் தீனியை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போய், கறுப்புக் கோழியை ஒரு கையால் விலக்கி நிறுத்திவிட்டு, சிவப்புக் கோழிக்கு முதலில் போட்டாள். இத்தனை சிறிய கோழிக்கு இவ்வளவு நீளப் பெயரா, செண்பா என்று கூப்பிடலாமே என்று அப்பா கேட்டார். கூடாது என்று பாட்டி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் சரஸ்வதி பாட்டி மூன்றாம் முறையாகக் கூப்பிட்டார். பெயர் கிடைத்துவிட்டதால் ஆள் இருக்குமிடத்தையும் கண்டுபிடித்துவிடலாம், அதைத் தன்னிடம் விட்டுவிட வேண்டும், வேறு யாரும் விசாரிக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். பாட்டி சம்மதித்தாள்.

"அதிருக்கட்டும், ரங்கம்" என்று அவர் தொடர்ந்தார். "கோமதிக்கு எத்தனை முட்டை, எனக்கு எத்தனை? உள்ளதைச் சொல்."


பாட்டி என்னைப் பார்த்தாள். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன்.